தமிழ் பட்டனுக்கு எவ்வளவு அகலம்? ஐந்து வழிகளை அளந்து பார்ப்போம்

ஆங்கிலத்தில் வரைந்த ஆப்பைத் தமிழுக்குக் கொண்டுவருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இதுதான்: தமிழ் வார்த்தை பட்டனுக்குள் அடங்கவில்லை, எழுத்தைச் சின்னதாக்கவா, கடைசியில் மூன்று புள்ளி வைக்கவா, இரண்டு வரியாக்கவா, பட்டனை அகலமாக்கவா, இல்லை மொழிபெயர்ப்பாளரிடம் வேறு வார்த்தை கேட்கவா?

ஐந்துமே நடைமுறையில் இருக்கிற வழிகள்தான், ஐந்துக்குமே பொருத்தமான இடம் உண்டு. ஆனால் செயல் பட்டன் என்று வந்துவிட்டால், அதாவது தொட்டால் ஏதாவது நடந்துவிடும் பட்டன் என்றால், ஐந்தும் ஒரே தரமல்ல. ஒரே ஒரு திரையை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். படிவம் நிரப்பும் திரை, அடியில் பக்கம் பக்கமாக இரண்டு பட்டன்கள். ஆங்கிலத்தில் `Save`, `Don't save`. தமிழில் "சேமி", "சேமிக்க வேண்டாம்".

## முதலில், தமிழ் ஏன் நீள்கிறது?

"தமிழ் ஆங்கிலத்தைவிட இவ்வளவு சதவீதம் நீளம்" என்று ஒரே எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்பவர்கள் உண்டு. அந்த எண் எதுவானாலும் பட்டன்களுக்கு உதவாது. `Share` என்பதற்குப் "பகிர்" என்று போட்டால் தமிழ் கொஞ்சமும் நீளவில்லை. `Notifications` என்ற பதின்மூன்று எழுத்துச் சொல்லும் "அறிவிப்புகள்" என்பதும் திரையில் ஏறக்குறைய ஒரே அகலம். ஆனால் `Edit` "திருத்து" ஆகும்போது கிட்டத்தட்ட இருமடங்காகிறது. `Cancel` "ரத்துசெய்" ஆகும்போது ஒன்றரை மடங்கு. சொல் எவ்வளவு குட்டையோ, அவ்வளவு அதிகமாக வீங்கும். இது தமிழுக்கு மட்டுமான விஷயமும் இல்லை. ஐரோப்பிய மொழிகளுக்காக ஐபிஎம் வெளியிட்ட பழைய வழிகாட்டியிலேயே, 10 எழுத்துக்குள் இருக்கும் ஆங்கிலச் சொல்லுக்கு 200 முதல் 300 சதவீதம் வரை இடம் எதிர்பார்க்கச் சொல்கிறார்கள். 70 எழுத்தைத் தாண்டிய வாக்கியத்துக்கு 130 சதவீதம் போதும் என்கிறார்கள். பட்டனில் வருவதெல்லாம் அந்த முதல் வகைதான்.

தமிழுக்கே உரிய காரணங்கள் மூன்று.

ஒன்று, எழுத்தின் உடல். ஆங்கிலச் சிறிய எழுத்து சராசரியாக எழுத்தளவில் பாதி அகலம். `i`, `l`, `t` அதிலும் ஒல்லி. தமிழில் ர, ா போன்றவை ஒல்லி என்றாலும், பெரும்பாலானவை எழுத்தளவில் முக்காலிலிருந்து முழு அளவு வரை வரும். ண, ணை, ஞ, ஐ எல்லாம் அதையும் தாண்டும். மேலும் இந்தியிலும் மலையாளத்திலும் இரட்டிக்கும் மெய்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கூட்டெழுத்தாகச் சுருங்கிவிடுகின்றன. நமக்குக் க்ஷ, ஸ்ரீ தவிர அந்த வழக்கம் இல்லை. புள்ளி வைத்த ஒவ்வொரு மெய்யும் தனக்கென்று முழு இடம் எடுத்துக்கொண்டு நிற்கும். "க்க", "ப்பு", "த்து" இல்லாத தமிழ் வினைச்சொல் எத்தனை?

இரண்டு, கொம்பும் காலும். "கி", "கு" ஆகியவற்றில் உயிர்க்குறி எழுத்தோடு ஒட்டிவிடும். "கே", "கை", "கா" இவற்றில் குறி தனியாகப் பக்கத்தில் நிற்கும். "கோ" என்றால் இரண்டு பக்கமும். கணினிக்கு "கோ" இரண்டு குறியீடு, படிப்பவருக்கு ஓர் எழுத்து, திரையில் மூன்று உருவம். அதனால் நிரலில் எழுத்து எண்ணிக்கையைக் கேட்டு அகலத்தைக் கணிப்பது வீண்:

```js
"சேமி".length                                    // 4
[...new Intl.Segmenter("ta").segment("சேமி")].length  // 2
```

நான்கு குறியீடு என்பதும் சரி, இரண்டு எழுத்து என்பதும் சரி. ஆனால் திரையில் நிற்பது மூன்று உருவம்: கொம்பு, ச, மி. பட்டனுக்குத் தேவை இந்த மூன்று.

மூன்று, இலக்கணமும் மரியாதையும். வேற்றுமை உருபு சொல்லோடு சேரும், சேர்ந்ததும் அடுத்த சொல்லுக்கு முன் வல்லினம் மிகும்: "கணக்கைத் திற". இது தவிர்க்க முடியாதது. தவிர்க்கக்கூடியது மரியாதை விகுதி. "சேமி" மூன்று உருவம். "சேமிக்கவும்" ஏழு, "சேமியுங்கள்" என்றாலும் ஏழு. வங்கி, அரசு சேவை ஆப்களில் "சேமி என்று பயனரை ஒருமையில் அதட்டலாமா" என்ற தயக்கம் எப்போதும் எழும். என் கருத்து: பட்டனில் இருப்பது ஆப் பயனருக்கு இடும் கட்டளை இல்லை, பயனர் ஃபோனுக்கு இடும் கட்டளை. அதனால் "சேமி" மரியாதைக் குறைவு ஆகாது. ஆப் பயனரிடம் பேசும் இடத்தில், "உங்கள் எண்ணை உள்ளிடவும்" என்பது போன்ற வரிகளில், மரியாதை கட்டாயம் வேண்டும். எதைத் தேர்ந்தாலும் ஒரே திரையில் "சேமி" ஒரு பக்கமும் "ரத்து செய்யவும்" மறுபக்கமும் இருக்கக் கூடாது. அது அகலத்தையும் கெடுக்கும், படிப்பவரையும் உறுத்தும்.

## எதை வைத்து எடைபோடுவது

நான்கு கேள்விகள் போதும். பட்டனைப் பார்த்ததும் எது எந்தச் செயல் என்று பிரித்துச் சொல்ல முடிகிறதா? பயனர் ஃபோன் அமைப்பில் எழுத்தைப் பெரிதாக்கினால் அந்த வழி தாக்குப்பிடிக்கிறதா? விரலுக்குப் போதுமான இடம் மிஞ்சுகிறதா? பின்னால் யார் தலையில் வேலை விழுகிறது, டெவலப்பரா, டிசைனரா, மொழிபெயர்ப்பாளரா?

இரண்டாவது கேள்வியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆண்ட்ராய்டு 14 முதல் எழுத்தை 200 சதவீதம் வரை பெரிதாக்கலாம். நாற்பது தாண்டியவர்கள் கையிலிருக்கும் ஃபோன்களைப் பாருங்கள், எழுத்தளவு அப்படியே இருப்பது எத்தனை என்று. தமிழில் ஆப் வேண்டும் என்று தேர்ந்தெடுப்பவர்களிலும் அந்த வயதினர் ஏராளம்.

## நம் திரையின் கணக்கு

ஆண்ட்ராய்டில் `dp` என்று எழுதும் அளவையே இங்கே "அலகு" என்கிறேன். சாதாரணமான ஒரு ஃபோன் திரை 360 அலகு அகலம். இரு ஓரமும் 16 விட்டால் 328. நடுவே 8 விட்டு இரண்டு சம பட்டன்கள் வைத்தால் ஆளுக்கு 160. கூகுளின் மெட்டீரியல் டிசைன் மூன்றாம் பதிப்பு முதலில் வைத்த அளவுப்படி பட்டனுக்குள் இரு பக்கமும் 24 பேடிங், எழுத்தளவு 14. ஆக, எழுத்துக்கு மிஞ்சுவது 112.

`Don't save` பத்து எழுத்து, சுமார் 70 அலகு. தாராளமாக உட்காரும்.

தமிழுக்கு நான் வைத்திருக்கும் கைக்கணக்கு: 14 அளவில் ஓர் உருவத்துக்கு 12 அலகு. ஒட்டிக்கொள்ளும் குறியை எண்ண வேண்டாம், பக்கத்தில் நிற்கும் கொம்பையும் காலையும் எண்ண வேண்டும். "சேமிக்க" ஐந்து உருவம், "வேண்டாம்" ஆறு. பதினொன்றும் ஓர் இடைவெளியும் சேர்ந்து ஏறக்குறைய 136. எழுத்துருவுக்கு எழுத்துரு மாறும், அதனால் முடிவெடுக்கும் முன் `measureText()` கொண்டு அளந்துவிடுங்கள். தாளில் திட்டமிட இந்தக் கணக்கு போதும்.

112க்குள் 136. இப்போது ஐந்து வழிகளையும் இதில் வைத்துப் பார்க்கலாம்.

## வழி 1: எழுத்தைச் சுருக்குவது

ஆண்ட்ராய்டு 8இலிருந்து `autoSizeTextType` உண்டு. மேல்வரம்பும் கீழ்வரம்பும் கொடுத்துவிட்டால் எழுத்து பெட்டிக்குள் அடங்கும்வரை தானே சுருங்கும். இரண்டு மூன்று வரி நிரல், டிசைன் கலையாது. அதனால்தான் முதலில் கை அங்கே போகிறது.

நம் பட்டனில் என்ன ஆகும்? 14 அளவு 11.5க்கு இறங்கும். ஆங்கிலத்தில் 11.5 படிக்கலாம். தமிழில் அந்த அளவில் புள்ளி மங்கும், "றி"யும் "றீ"யும் ஒன்றுபோல ஆகும், ன, ண இரண்டின் சுழியை எண்ண முடியாது. பக்கத்துப் பட்டனில் "சேமி" மட்டும் 14இலேயே நிற்பதால், ஒன்று முக்கியம் மற்றது முக்கியமில்லை என்று திரை தானாகவே சொல்லிவிடும். அது நீங்கள் சொல்ல நினைத்தது இல்லை.

மறைந்திருக்கும் செலவு இதைவிடப் பெரிது. பயனர் எழுத்தைப் பெரிதாக்கினால் பெட்டியின் அகலம் மாறாது. அதனால் இந்தப் பட்டன் மட்டும் பெரிதாகாமல் அங்கேயே நிற்கும். பெரிதாகத் தெரிய வேண்டும் என்று கேட்டவருக்குத்தான் சின்னதாகத் தெரியும். சோதனையில் இது பிடிபடாது, ஏனென்றால் எதுவும் உடையவில்லை, எல்லாம் அழகாகவே இருக்கும்.

பொருந்தும் இடம்: கடிகாரம், மீதித்தொகை போன்ற பெரிய எண்கள். 32 அளவில் இருப்பது 26 ஆனால் யாருக்கும் நட்டமில்லை. பட்டனில் வைத்தே ஆக வேண்டுமென்றால் 13க்குக் கீழே இறங்காதபடி ஒரு தரைமட்டம் வையுங்கள்.

## வழி 2: மூன்று புள்ளி

`maxLines="1"`, `ellipsize="end"` போட்டால் நம் பட்டனில் "சேமிக்க வே…" என்று வரும். அதுவே எழுத்தை 130 சதவீதமாக்கிய ஃபோனில் "சேமிக்க…" என்று நின்றுவிடும். பக்கத்துப் பட்டனில் "சேமிக்கவும்" என்று மரியாதையாகப் போட்டிருந்தால், 200 சதவீதத்தில் இரண்டுமே வெட்டுப்பட்டு ஒரே உருவங்களில் வந்து நிற்கும். இரண்டு பட்டன், எதிரெதிர் செயல், இரண்டிலும் ஒரே எழுத்து.

இது தற்செயல் இல்லை. ஆங்கிலத்தில் மறுப்பு முதலிலேயே வந்துவிடும், `Don't sa…` என்று வெட்டினாலும் புரியும். தமிழில் செய், செய்யாதே, வேண்டாம், முடியாது எல்லாமே கடைசியில் இருக்கின்றன. முனையை வெட்டினால் போவது பொருள்தான். செயல் பட்டனில் மூன்று புள்ளி ஆங்கிலத்தில் ஒரு சின்னக் குறை, தமிழில் அது ஆபத்து. இதில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை.

சில ஆப்களில் இந்த வெட்டை நிரலிலேயே செய்திருப்பார்கள், முதல் பத்து குறியீட்டை எடுத்துப் புள்ளி சேர்ப்பது. அங்கே இன்னொரு விபத்து காத்திருக்கிறது. "க்" என்பதன் நடுவே வெட்டினால் புள்ளி போய் "க" மிஞ்சும், "சே"யின் நடுவே வெட்டினால் "ச" மிஞ்சும். மீதி அடுத்த வரியில் வந்தால் அதன் முகப்பில் புள்ளிகளாலான வட்டம் ஒன்று தொற்றிக்கொண்டு வரும். அந்த வட்டத்தை எங்கு பார்த்தாலும் யாரோ குறியீட்டை எண்ணி வெட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். மேலே காட்டிய `Intl.Segmenter` இதைச் சரிசெய்யும், ஆனால் பொருள் போவதைச் சரிசெய்யாது.

பொருந்தும் இடம்: கோப்புப் பெயர், தொடர்பின் பெயர், செய்தித் தலைப்புப் பட்டியல். தொட்டால் முழுதும் திறக்கும் எதற்கும்.

## வழி 3: இரண்டு வரி

"சேமிக்க" மேலே, "வேண்டாம்" கீழே. நம் பட்டனில் நன்றாகவே உட்காரும், பொருளும் போகாது. எனக்குப் பிடித்த வழிகளில் ஒன்று. ஆனால் இதில் அகலப் பிரச்சினை உயரப் பிரச்சினையாக மாறுகிறது.

மெட்டீரியல் பட்டனின் உயரம் 40. 14 அளவு எழுத்துக்கு வரி உயரம் 20. இரண்டு வரியே நாற்பதை விழுங்கிவிட, மேலும் கீழும் இடம் இல்லை. உயரத்தை நிலையாகப் பூட்டியிருந்தால் "கு", "து", "ளு" ஆகியவற்றின் வால் கீழே வெட்டுப்படும். பூட்டாமல் குறைந்தபட்ச உயரம் 48, மேல் கீழ் பேடிங் 8 என்று விட்டால் பட்டன் 56 உயரத்துக்கு வளரும். விரலுக்கும் வசதி. பக்கத்துப் பட்டனையும் அதே உயரத்துக்கு நீட்ட மறக்காதீர்கள், இல்லையென்றால் ஒன்று குட்டை ஒன்று நெட்டையாக நிற்கும்.

உயரம் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆண்ட்ராய்டு நெடுங்காலம் தமிழுக்கு மேல் கீழ் நெருக்கிய ஒரு எழுத்துருவை இடைமுகத்துக்கென்று பயன்படுத்தி வந்தது. ஆண்ட்ராய்டு 15ஐ இலக்காக வைத்துக் கட்டும் ஆப்களில் `elegantTextHeight` தானாகவே இயங்கும், அந்த நெருக்கல் போய்விடும். படிக்க நல்லது. ஆனால் உயரத்தைப் பூட்டிவைத்த பழைய திரைகளில், நிரலில் ஒரு வரிகூட மாற்றாமலே, தமிழ் திடீரென்று மேலும் கீழும் இடிக்க ஆரம்பிக்கும். இலக்குப் பதிப்பை ஏற்றிய பிறகு "தமிழில் மட்டும் எழுத்து நறுக்கப்படுகிறது" என்று புகார் வந்தால் முதலில் இங்கே பாருங்கள்.

இன்னொரு எல்லை: வரி உடைவது இடைவெளியில்தான். "பதிவிறக்கப்படுகிறது" போன்ற ஒற்றைச் சொல்லுக்கு உடைய இடமே இல்லை. அது நடுவில் எங்காவது முறியும் அல்லது வெளியே வழியும். மொழிபெயர்ப்பாளர் "ரத்துசெய்" என்று சேர்த்து எழுதுகிறாரா "ரத்து செய்" என்று பிரித்து எழுதுகிறாரா என்பது இங்கே வெறும் நடை விருப்பம் இல்லை.

பொருந்தும் இடம்: கட்டங்களாக அடுக்கிய சேவைப் பட்டியல், இரண்டு சொல் உள்ள பட்டன்கள், உயரம் தாராளமாக உள்ள திரைகள்.

## வழி 4: எழுத்துக்கேற்ற அகலம், இடம் போதாவிட்டால் அடுக்கு

நம் கணக்கை இன்னொரு தடவை பாருங்கள். "சேமி" 36 அலகு, பேடிங்கோடு 84. "சேமிக்க வேண்டாம்" 136, பேடிங்கோடு 184. நடு இடைவெளி 8. மொத்தம் 276. இருப்பதோ 328. இரண்டும் ஒரே வரியில், ஒன்றையும் குறைக்காமல், வசதியாக உட்காருகின்றன! நெருக்கடியை உண்டாக்கியது தமிழ் இல்லை, இரண்டு பட்டனும் சம அகலம் இருக்க வேண்டும் என்ற தீர்மானம். ஆங்கிலத்தில் எல்லாச் சொல்லும் குட்டை என்பதால் அந்தத் தீர்மானம் யாரையும் உறுத்தவில்லை, அவ்வளவுதான்.

"சேமிக்கவும்" என்றே போட்டாலும் 132ம் 184ம் 8ம் சேர்ந்து 324. மயிரிழையில் தப்பும். எழுத்தை 130 சதவீதம் ஆக்கினால் 390 ஆகி வெளியே போகும். அப்போது பட்டன்கள் ஒன்றின்கீழ் ஒன்றாக இறங்க வேண்டும். இறங்கினால் ஒவ்வொன்றுக்கும் எழுத்திடம் 280. 200 சதவீதத்திலும் 272 தான் தேவை. அங்கேயும் தாங்குகிறது.

இணையத்தில் இதற்குத் தனி நிரல் எதுவும் வேண்டாம்:

```css
.actions { display: flex; flex-wrap: wrap; gap: 8px; }
.actions button {
  flex: 1 1 auto;
  min-height: 48px;
  padding: 8px 24px;
  line-height: 1.5;
}
```

இடமிருந்தால் பக்கம் பக்கமாக நிற்கும், இல்லாவிட்டால் அடுக்காகும், அடுக்கிலும் போதாவிட்டால் இரண்டு வரியாக மடியும். `width` என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஃப்ளட்டரில் `OverflowBar`, கம்போஸில் `FlowRow` இதே வேலையைச் செய்யும். ஆண்ட்ராய்டின் `AlertDialog` நீண்ட பட்டன்களைத் தானாகவே அடுக்கிவிடும். உரையாடல் பெட்டிகளில் இந்தத் தொல்லை குறைவாக இருப்பது அதனால்தான்.

செலவு என்ன? திரையின் உயரத்தில் 56 அலகு. படிவத் திரையில் விசைப்பலகை மேலே வந்திருக்கும்போது இது லேசான இழப்பு இல்லை. அடியில் ஒட்டிய இரண்டடுக்குப் பட்டன்களும் விசைப்பலகையும் சேர்ந்து, தட்டச்சு செய்யும் பெட்டியையே மறைத்துவிடலாம். அப்படியான திரையில் பட்டன்களைப் படிவத்தின் கடைசியில், உருட்டினால் வரும் இடத்தில் வைப்பது மேல். அடுத்தது வரிசை: பக்கத்தில் இருந்தவை அடுக்கானதும் நிரலில் முதலில் எழுதியது மேலே போகும். எது மேலே வர வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்யாவிட்டால் "சேமிக்க வேண்டாம்" தலையில் உட்கார்ந்துகொள்ளலாம். மூன்றாவது செலவு டிசைனருக்கு. ஒரே திரைக்கு இரண்டு தோற்றம் வரைய வேண்டும், "தமிழில் சமச்சீராக இல்லையே" என்ற கேள்விக்கு நிர்வாகத்திடம் பதில் சொல்ல வேண்டும்.

பொருந்தும் இடம்: எல்லாச் செயல் பட்டன்களும். இலங்கைக்குச் செய்யும் ஆப் என்றால் சிங்களத்துக்கும் இதே அமைப்பு கைகொடுக்கும்.

## வழி 5: வார்த்தையைக் குறைப்பது

நிரலைத் தொடாமல் மொழிபெயர்ப்பாளரிடம் போவது. சரியாகச் செய்தால் ஐந்தில் இதுதான் மிக மலிவு, தவறாகச் செய்தால் மிக விலை உயர்ந்தது.

சரியான குறைப்பு என்பது சுமையை இடம் மாற்றுவது. நம் திரையில் பட்டனுக்கு மேலே "சேமிக்காமல் வெளியேறவா?" என்று ஒரு கேள்வி வந்துவிட்டால், பட்டனில் "வெளியேறு" போதும். ஆறு உருவம், 72 அலகு. சம அகலப் பட்டனிலேயே அடங்கிவிடும். ஆனால் அந்தக் கேள்வி இல்லாமல் "வெளியேறு" மட்டும் நின்றால், கணக்கிலிருந்தே வெளியேற்றிவிடுமோ என்று பயனர் தயங்குவார். `Cancel`-க்கு "ரத்து" என்றால் மூன்று உருவம். "செய்" இல்லாவிட்டாலும் எல்லோருக்கும் புரியும்.

ஆங்கிலச் சொல்லை அப்படியே தமிழில் எழுதினால் குட்டையாகும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. எண்ணிப் பாருங்கள்: "டவுன்லோடு" ஏழு உருவம், "பதிவிறக்கு" ஆறு. "லாகின்" நான்கு, "உள்நுழை" ஐந்து. சில நேரம் ஓர் உருவம் மிஞ்சும், சில நேரம் ஓர் உருவம் இழப்பு. பழக்கமான சொல் என்பதற்காக எடுத்துக்கொள்ளுங்கள், அகலத்துக்காக வேண்டாம். புள்ளி வைத்துச் சுருக்கும் பழக்கமும் பட்டனில் எடுபடாது. "மு.ப.", "பி.ப." புரியும், "பதிவிற." என்றால் பிழை என்றுதான் நினைப்பார்கள்.

மறைந்த செலவு, ஒரே ஆங்கிலச் சொல்லைப் பல இடத்தில் பகிர்வதில் இருக்கிறது. `Save` என்ற ஒரே சரத்தைப் படிவத்திலும் கடைப் பக்கத்தின் "₹50 மிச்சம்" என்ற இடத்திலும் பயன்படுத்தியிருந்தால், குறைத்த வார்த்தை ஓரிடத்தில் பொருந்தி மற்றதில் கோமாளித்தனமாகும். பட்டனுக்கான சரங்களைத் தனிப் பெயரில் வைக்க வேண்டும், எந்தத் திரையில் வருகிறது என்று ஒரு படமாவது மொழிபெயர்ப்பாளருக்குப் போக வேண்டும். வெறும் அட்டவணையை அனுப்பிவிட்டுச் சின்னதாக்குங்கள் என்று கேட்டால் கிடைப்பது ஊகம்தான்.

பொருந்தும் இடம்: அகலத்தை மாற்றவே முடியாத இடங்கள். திரையடியில் உள்ள தாவல் பட்டை அப்படிப்பட்டது. 360இல் ஐந்து தாவல் என்றால் ஆளுக்கு 72. 12 அளவு எழுத்தில் "அறிவிப்புகள்" ஒன்றே ஏறக்குறைய அதை நிரப்பிவிடும். தாவலை நான்காக்குங்கள், அல்லது அந்த இடத்துக்கு "செய்திகள்" போதுமா என்று பாருங்கள். மணிச் சின்னத்தை மட்டும் வைத்து எழுத்தை எடுத்துவிடுவதும் வழிதான். ஆனால் மணிக்கும் வீட்டுக்கும் இருக்கும் தெளிவு மற்ற சின்னங்களுக்கு இல்லை.

## பக்கம் பக்கமாக

| வழி | பொருள் பிழைக்குமா | எழுத்தைப் பெரிதாக்கினால் | விரலிடம் | செலவு யாருக்கு |
|---|---|---|---|---|
| எழுத்தைச் சுருக்குவது | ஆம், கண்ணைச் சுருக்கி | பெரிதாகவே ஆகாது | மாறாது | பயனருக்கு |
| மூன்று புள்ளி | இல்லை | இன்னும் மோசம் | மாறாது | பயனருக்கு |
| இரண்டு வரி | ஆம் | உயரத்தைப் பூட்டாவிட்டால் தாங்கும் | கூடும் | டெவலப்பருக்கு |
| ஏற்ற அகலம், அடுக்கு | ஆம் | தாங்கும் | கூடும் | டிசைனருக்கு |
| வார்த்தைக் குறைப்பு | சூழல் தெரிந்தால் | ஓரளவு | மாறாது | மொழிபெயர்ப்பாளருக்கு |

நான் போகும் வரிசை நான்கு, ஐந்து, மூன்று. முதலில் அகலப் பூட்டை எடுப்பேன், அப்புறம் வார்த்தையைப் பார்ப்பேன், பிறகு இரண்டு வரிக்கு அனுமதி கொடுப்பேன். ஒன்றும் இரண்டும் செயல் பட்டனில் வராது. நிரலைத் தொடவே முடியாது, நாளை வெளியீடு என்ற நிலையில் மட்டும் ஐந்து முதலில்.

## வரையும்போதே அளப்பது

தமிழ் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆங்கில வரைபடத்திலேயே ஒவ்வொரு பட்டனுக்கும் எழுத்திடம் எவ்வளவு என்று எழுதி, அதை 12ஆல் வகுத்து, "இங்கே ஒன்பது உருவம்" என்று மொழிபெயர்ப்பாளருக்குக் கொடுக்கலாம். எழுத்தளவு 12 என்றால் 10ஆல், 16 என்றால் 14ஆல் வகுக்க வேண்டும். "பதினைந்து எழுத்துக்குள்" என்று வரம்பு கொடுப்பதுதான் வழக்கம். அந்தப் பதினைந்தை அட்டவணை மென்பொருள் குறியீடாக எண்ணும், மொழிபெயர்ப்பாளர் எழுத்தாக எண்ணுவார், திரை இரண்டையும் மதிக்காது.

சோதனைக்கு ஆண்ட்ராய்டின் `en-XA` என்ற போலி மொழி நல்ல தொடக்கம். ஆங்கிலத்தையே குறிகள் சேர்த்து நீட்டிக் காட்டும், எந்தப் பட்டன் முதலில் வெடிக்கும் என்று தெரிந்துவிடும். ஆனால் அது தமிழின் உயரத்தைக் காட்டாது, வால் வெட்டுப்படுவதைக் காட்டாது, குட்டைச் சொல் இருமடங்காவதை முழுதாகக் காட்டாது. அதனால் `values-ta` கோப்புறையில் முதல் வாரத்திலேயே பத்து பட்டன் சொற்களையாவது உண்மையான தமிழில் போட்டுவிடுங்கள்: சேமிக்க வேண்டாம், திருத்து, அனுப்பு, ரத்துசெய், அமைப்புகள், கணக்கை நீக்கு, பதிவிறக்கு, உள்நுழை, அறிவிப்புகள், மீண்டும் முயற்சி செய். இந்தப் பத்தையும் 360 அலகுத் திரையில், எழுத்தளவு 100, 130, 200 மூன்றிலும் ஓட்டிப் பாருங்கள். 320 அலகுத் திரையுள்ள பழைய ஃபோன் ஒன்று கையில் இருந்தால் அதிலும். பார்க்க வேண்டியது இரண்டுதான்: ஏதாவது பட்டனில் மூன்று புள்ளி தெரிகிறதா, "து"வின் வால் முழுதாக இருக்கிறதா.